ஐந்து வாழைத்தாரும் ஒரு திட்ட விலக்கமும்

பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டியதும் இனி இந்தப் பாடத்தின் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று முடிவெடுக்கும் பிள்ளைகள் நம் தேனி மாவட்டத்தில் நிறைய. பதினோராம் வகுப்பில் வணிகவியல் பிரிவில் சேரும்போது, வணிகக் கணிதம் இல்லாத, கணினிப் பயன்பாடுகள் உள்ள குரூப்பாகப் பார்த்துக் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டு ஆண்டுகள் நிம்மதியாகப் போகின்றன. பிறகு பி.காம். சேர்ந்து, சின்னமனூரிலிருந்து உத்தமபாளையத்துக்கோ தேனிக்கோ பஸ் ஏறிப் போகும் நாட்களில், ஏதோ ஒரு பருவத்தின் கால அட்டவணையில் ‘வணிகப் புள்ளியியல்’ வந்து நிற்கிறது. தப்பித்து வந்த வழியின் முடிவில் அதே கணக்கு காத்திருக்கிறது.

அப்படியொரு மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் வாழை போட்டிருக்கிறார்கள். தார் எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, இறக்குக்கூலி போக எவ்வளவு நிற்கும் என்பதை அப்பா கேட்கும்போது மனத்திலேயே கூட்டிச் சொல்லிவிடுவாள். அதே பெண், கரும்பலகையில் சிக்மா குறியைக் கண்டதும் பேனாவை மூடி வைத்துவிடுகிறாள். “எனக்குக் கணக்கு வராது சார்” என்கிறாள். ஆசிரியரும் நல்ல மனசோடு, “அதெல்லாம் வரும்மா, பயப்படாதே” என்கிறார். அடுத்த வகுப்பிலும் பேனா மூடியேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாக ஆராய்ந்தவர் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்நாளெல்லாம் பணியாற்றி, 2021-இல் மறைந்த உளவியலாளர். ஒரு குறிப்பிட்ட வேலையைத் தன்னால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பை அவர் 1977-இல் ஒரு கோட்பாடாக முன்வைத்தார். தமிழில் அதைத் தன்திறன் நம்பிக்கை எனலாம். பொதுவான தன்னம்பிக்கையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேடையேறிப் பேசத் தயங்காத, பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரோடு வாதாடக்கூடிய பெண்ணுக்கே திட்ட விலக்கம் கண்டுபிடிப்பதில் இந்த நம்பிக்கை சுழியாக இருக்கலாம். அது வேலைக்கு வேலை மாறுவது. குறைவாக இருக்கும் இடத்தில் மனிதர்கள் முயற்சியைத் தொடங்குவதே இல்லை, தொடங்கினாலும் முதல் தடங்கலில் விட்டுவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார் பண்டூரா. தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், தன் உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. நான்கில் வலுவானது முதலாவது. நம் வகுப்பறைகள் நம்பியிருப்பதோ மூன்றாவதை. “உன்னால் முடியும்” என்ற சொல் பொய் அல்ல. ஆனால் அதற்கு எதிராக அந்தப் பெண்ணிடம் பத்தாண்டு காலச் சாட்சியங்கள் இருக்கின்றன. சிவப்பு மையும் அடித்தல் திருத்தலும் நிரம்பிய நோட்டுகள் அவளுக்கு ஒரு தீர்ப்பை ஏற்கெனவே சொல்லிவிட்டன. அந்தத் தீர்ப்பை மாற்ற இன்னொரு சாட்சியம்தான் வேண்டும்.

பண்டூராவும் அவருடைய சகாக்களும் இதைப் பாம்புக்குப் பயந்தவர்களிடம் சோதித்தார்கள். ஒரு குழுவினர், சிகிச்சையாளர் மலைப்பாம்பைக் கையாளுவதை வேடிக்கை மட்டும் பார்த்தார்கள். இன்னொரு குழுவினர் உதவியோடு படிப்படியாகத் தாங்களே அதைத் தொட்டுப் பிடிக்கப் பழகினார்கள். தாங்களே செய்தவர்களுக்குத்தான் நம்பிக்கையும் துணிச்சலும் அதிகம் உயர்ந்தன. இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உதவி தொடர்ந்து இருந்தால், வெற்றி உதவியின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். அதனால் ஒரு கட்டத்தில் சிகிச்சையாளர் உதவிகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு, அவர்களே தனியாகச் செய்யும்படி விட்டார்.

கணக்குக்கு இன்னும் நெருக்கமான சோதனையை 1981-இல் பண்டூராவும் டேல் ஷங்க்கும் செய்தார்கள். கழித்தலில் மிகவும் பின்தங்கிய, கணக்கென்றாலே ஆர்வமற்ற நாற்பது குழந்தைகள். முதலில் அவர்களுடைய நம்பிக்கையை அளந்தார்கள். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு கணக்குகள். இரண்டு விநாடி மட்டும் காட்டுவார்கள். கணக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அந்த நேரம் போதும், போட்டுப் பார்க்கப் போதாது. “இதை உன்னால் போட முடியுமா?” என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். பிறகு பயிற்சி பெற்ற எல்லாருக்கும் ஒரே பயிற்சித்தாள்கள், மொத்தம் 42 பக்கம், ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் அமர்வுக்கு ஆறு பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் ஏழாவது அமர்வின் முடிவுக்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். வேறொரு குழுவுக்கு இலக்கே சொல்லவில்லை.

தாள்களில் எந்த வேறுபாடும் இல்லை. ஆனாலும் அன்றன்றைக்கு ஆறு பக்கம் என்று கையெட்டும் தொலைவில் இலக்கு வைத்துக்கொண்ட குழந்தைகளுக்குக் கழித்தலும் நன்றாக வந்தது, நம்பிக்கையும் உயர்ந்தது, கணக்கின்மேல் ஆர்வமும் பிறந்தது. 42 பக்கம் என்ற தொலைதூர இலக்கு, இலக்கே இல்லாததைவிடப் பெரிதாக உதவவில்லை. அருகிலிருக்கும் இலக்கு ஒவ்வொரு நாளும் “முடித்தேன்” என்ற சாட்சியத்தைத் தருகிறது. தூரத்து இலக்கு ஏழாம் நாள் வரைக்கும் “இன்னும் முடிக்கவில்லை” என்று மட்டுமே சொல்கிறது.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் ஏணிப்படியும் அட்டைகளும் இருந்தன. ஒரு குழந்தை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுக்கும். அன்றைக்கு அந்த அட்டைகளோடு படித்த பிள்ளைகள்தான் பின்னர் நம் கல்லூரி வகுப்புகளில் வந்து உட்கார்ந்தார்கள். ஆரம்பப் பள்ளியில் ஏணி வைத்துக் கொடுத்த நாம், கல்லூரியில் அவர்களைச் சுவரின் முன்னால் நிறுத்திவிடுகிறோம் என்பதே என் குறை.

சுவர் எப்படிப்பட்டது என்பதைத் திட்ட விலக்கத்தை வைத்தே பார்க்கலாம். நம் பத்தாம் வகுப்புப் புத்தகம் அதைக் கண்டறிய நேரடி முறை, சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என நான்கு வழிகளைத் தருகிறது. நான்கும் ஒரே விடையைத்தான் தரும். எண்கள் பெரியவையாக இருக்கும்போது கைவேலையைக் குறைக்க வந்தவை பின்னிரண்டும். கணக்கு வரும் பிள்ளைக்கு இது வசதி. பயந்த பிள்ளைக்கோ ஒரு சூத்திரம் நான்காகப் பெருகி நிற்கிறது. எதை எப்போது போடுவது என்ற குழப்பத்திலேயே, திட்ட விலக்கம் என்றால் சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு தள்ளிச் சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு என்ற எளிய பொருள் தொலைந்துபோகிறது.

அந்தப் பெண்ணுக்கு நான் வைக்கும் ஏணி இப்படி இருக்கும். ஒரு தோட்டத்தில் வெட்டிய ஐந்து தார்களின் எடை 11, 13, 14, 15, 17 கிலோ. இன்னொரு தோட்டத்தில் 8, 12, 14, 16, 20 கிலோ. முதல் கேள்விக்குப் பேனாவே வேண்டாம். எந்தத் தோட்டத்துத் தார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன, எது கன்னாபின்னாவென்று இருக்கிறது? முதல் தோட்டம்தான் சீர் என்று பார்த்ததுமே சொல்லிவிடுவாள். அதை அவள் கையால் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். திட்ட விலக்கத்தின் பொருளை அவள் சூத்திரம் இல்லாமலேயே சொல்லியாயிற்று.

இரண்டாவது படி சராசரி. முதல் தோட்டத்தின் கூடுதல் 70, ஐந்தால் வகுத்தால் 14. இரண்டாவதிலும் கூடுதல் 70, சராசரி 14. இரண்டும் ஒன்றாகவே வருவதைக் கண்டு அவளே நிமிர்ந்து பார்ப்பாள். சராசரியால் சொல்ல முடியாத ஒன்றைத்தான் தன் கண் ஏற்கெனவே கண்டுபிடித்தது என்பது அப்போது விளங்கும். மூன்றாவது படியில், ஒவ்வொரு எடையும் 14-இலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஒரு வரிசை எழுத வேண்டும். −3, −1, 0, 1, 3. இவற்றைக் கூட்டினால் சுழி.

இந்தச் சுழியில்தான் பயந்த மாணவர்கள் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். “சைபர் வந்துருச்சு, தப்பாப் போட்டுட்டேன்” என்று முழுவதையும் அடித்துவிடுவார்கள். உண்மையில் சுழி வந்தால்தான் சராசரி சரி. விலக்கங்களின் கூடுதல் எப்போதும் சுழிதான். சரியாகச் செய்த வேலையைத் தவறென்று தானே தீர்ப்பெழுதி அடிக்கும் இந்த நொடியில், குறைந்த தன்திறன் நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதை நேரில் பார்க்கலாம். அது புதிய சாட்சியத்தைக்கூடப் பழைய தீர்ப்புக்கு ஏற்ப வளைத்துவிடுகிறது. எனவே இந்தப் படியில் ஆசிரியர் விடையைச் சொல்லாமல், “சுழி வந்ததா? அப்படியானால் உன் சராசரி சரி” என்று மட்டும் சொல்ல வேண்டும். தன் வேலையைத் தானே சரிபார்க்கும் ஒரு கருவி அவள் கைக்கு வந்துவிடுகிறது. இனி சரியா தவறா என்று ஆசிரியர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன, அதனால் வர்க்கப்படுத்துகிறோம் என்பது அடுத்த படி. 9, 1, 0, 1, 9. கூடுதல் 20. ஐந்தால் வகுத்தால் 4. அதன் வர்க்கமூலம் 2. முதல் தோட்டத்தின் திட்ட விலக்கம் 2 கிலோ. இதுவரை ஆசிரியரும் கூட உட்கார்ந்திருக்கலாம். இரண்டாவது தோட்டத்தை அவள் தனியாகப் போட வேண்டும். ஆசிரியர் எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விட வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. −6, −2, 0, 2, 6 என்று எழுதுவாள். கூட்டிச் சுழி வருவதைத் தானே சரிபார்ப்பாள். வர்க்கங்கள் 36, 4, 0, 4, 36. கூடுதல் 80, ஐந்தால் வகுக்க 16, வர்க்கமூலம் 4. சிதறல் இரண்டு மடங்கு. கணக்குப் போடும் முன்பு அவள் எழுதி வைத்த ஊகமும் சரி. இதன் பிறகுதான் சூத்திரத்தைப் பலகையில் எழுத வேண்டும்.

σ = √( Σ(x − x̄)² / n )

இப்போது அதில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பது அவள் எழுதிய விலக்க வரிசை, மேலே உள்ள 2 அவள் போட்ட வர்க்கம், சிக்மா அவள் கூட்டிய கூட்டல். வழக்கமான வகுப்பில் இந்த வரிதான் முதலில் வரும். முதல் எடுத்துக்காட்டிலேயே சராசரி 47.3 என்று தசமத்தில் விழும். பிள்ளை பெருக்கலில் மூழ்கி, கருத்தையே பார்க்காமல் போய்விடும். முதல் சில கணக்குகளின் எண்களைத் தேர்ந்தெடுப்பதில் ஆசிரியர் செலவிடும் அரைமணி நேரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் எண்கள் எளிதாகவே தொடர்ந்தால் ஏமாற்றம்தான். சிரமமே இல்லாத வெற்றி நம்பிக்கையை வளர்ப்பதில்லை; முதல் தடையிலேயே அது நொறுங்கிவிடும். ஆகவே மறுநாள் நோட்டைப் பார்க்காமல் புதிய ஐந்து எண்கள், அதற்கடுத்து தசமம் வரும் சராசரி, பிறகு நிகழ்வெண் அட்டவணை என்று படிகள் உயர வேண்டும். ஒரு இடத்தில் அவள் தடுக்கி, தானே எந்த வரியில் பிழை என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். அப்படித் திருத்திய கணக்கு, சுலபமாகப் போட்ட பத்துக் கணக்குகளைவிட வலுவான சாட்சியம்.

வெற்றிக்குப் பின் ஆசிரியர் சொல்லும் சொல்லுக்கும் கனம் உண்டு. 1982-இல் ஷங்க் செய்த சோதனையில், கழித்தல் பயிலும் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் அவர்கள் இதுவரை முயன்று உழைத்ததைச் சுட்டிச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம் இனி நன்றாக முயல வேண்டும் என்றார்கள். முன்னவர்களே திறனிலும் நம்பிக்கையிலும் மேலே போனார்கள். நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது வகைப் பேச்சுதான். “இன்னும் நல்லா முயற்சி பண்ணு” என்பதில் நேற்றைய உழைப்பு கணக்கில் வரவே இல்லை. “சுழி வருதான்னு நீயே பார்த்துத்தான் இதைச் சரிபண்ணினாய்” என்று நடந்ததைச் சொன்னால், “ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்துருச்சு” என்று அவள் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

பார்த்துக் கற்பதற்கும் இடம் உண்டு, யாரைப் பார்ப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். பலகையில் பிழையின்றி வேகமாகப் போடும் பேராசிரியர் பயந்தவளுக்கு முன்மாதிரி ஆக மாட்டார். அவருக்கு வருவது அவளுக்கும் வரும் என்பதற்கு என்ன ஆதாரம்? அதே தெருவில், அதே குரூப் எடுத்து, போன வருடம் இதே தாளை எழுதிய அக்கா ஒருத்தி, தான் எங்கே தப்புப் போட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திருத்திப் போட்டுக் காட்டினால் அது இறங்கும். மூத்த மாணவர்களுக்கு இந்த வேலையைத் தருவதற்குக் கல்லூரிக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஏணி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பண்டூராவின் வழிகாட்டுதலில் இதற்கு எளிய முறை இருக்கிறது. கணக்கைக் காட்டிவிட்டு, போடும் முன், இதை உன்னால் இப்போது போட முடியும் என்பதில் எவ்வளவு உறுதி என்று 0 முதல் 100 வரை பத்துப் பத்தாகக் குறிக்கச் சொல்வது. “புள்ளியியல் உனக்கு வருமா?” என்று மொத்தமாகக் கேட்டால் பழைய பயம்தான் பதில் சொல்லும். அமெரிக்காவில் சாரா ஃபின்னியும் கிரெகரி ஷ்ராவும் 2003-இல் கல்லூரிப் புள்ளியியலுக்கென்று அமைத்த அளவுகோலும் இப்படித்தான், பதினான்கு குறிப்பிட்ட வேலைகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. பாடத்தின் தொடக்கத்தில் தாழ்ந்திருந்த நம்பிக்கை முடிவில் நன்றாக உயர்ந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

குறித்த எண்ணையும் போட்ட கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையத் தெரியும். 30 என்று குறித்துவிட்டு ஐந்தில் நான்கைச் சரியாகப் போடும் பெண்ணுக்குப் பாடம் தெரியும், தனக்குத் தெரியும் என்பதுதான் தெரியவில்லை. அவளுக்கு மேலும் விளக்கம் கொடுப்பது வீண், அவளுடைய சொந்த விடைத்தாளைக் காட்ட வேண்டும். 90 என்று குறித்துவிட்டு ஒன்றைச் சரியாகப் போடும் பையனுக்கு ஊக்கம் கொடுத்தால் கெடுதல். அவன் இனிமேல் படிக்கவே மாட்டான். 30 குறித்து ஒன்றைப் போடுபவருக்கோ நம்பிக்கையைவிட முன்னால் வேறு ஏதோ குறைகிறது. பல நேரங்களில் அது எதிர்மறை எண்களின் கூட்டலாக இருக்கும், அல்லது −3-ஐ வர்க்கப்படுத்தினால் 9 என்பதாக இருக்கும். அந்த இடத்தில் ஏணியைக் கீழே இறக்கி, ஏழாம் எட்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம்பிக்கையைப் பற்றி மிகையாகப் பேசுவதும் ஆபத்து. 2018-இல் ஆஸ்திரேலியாவின் கேட் டால்ஸ்மாவும் சக ஆய்வாளர்களும், மாணவர்களின் நம்பிக்கையையும் மதிப்பெண்ணையும் அடுத்தடுத்து அளந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நன்றாகச் செய்தது நம்பிக்கையை உயர்த்திய அளவுக்கு, நம்பிக்கை மதிப்பெண்ணை உயர்த்தவில்லை. இரண்டு திசையிலும் தொடர்பு உண்டு, ஆனால் செயலிலிருந்து நம்பிக்கைக்குப் போகும் பாதையே அகலம். “உன்னை நம்பு” என்று ஊக்கச் சொற்பொழிவு நடத்த ஆள் கூட்டிவரும் கல்லூரிகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளை நான்கு கணக்குகளைத் தானே போட்டுவிடலாம்.

கல்லூரிகளுக்கு நான் கேட்பது பெரிய மாற்றமல்ல. இப்போது முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, இரண்டு அலகுகளைச் சேர்த்து, நேரக் கட்டுப்பாட்டோடு வருகிறது. பயந்த மாணவிக்கு அந்தப் பருவத்தின் முதல் சாட்சியமே தோல்வியாக அமைய இதைவிட உறுதியான ஏற்பாடு இல்லை. வியர்க்கிற கையையும் படபடப்பையும் தனக்கு வராது என்பதன் அடையாளமாகவே அவள் படித்துக்கொள்வாள். மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கை எடுத்து, இரண்டாவது வாரத்திலிருந்தே வாரம் ஒரு கேள்வி என்று, தவறினால் அடுத்த வாரம் வேறு எண்களோடு திரும்ப எழுதும் வாய்ப்போடு வைத்தால் போதும். திருத்துகிற பாரம் ஆசிரியர் தலையில் விழும் என்பது உண்மை. அறுபது பேர் வகுப்பில் அது சின்ன பாரமல்ல. ஐந்து எண் கொண்ட ஒரே கேள்வியாக இருந்தால் வகுப்பிலேயே தாளை மாற்றித் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் பாடத்திட்டம் வகுப்போர் கவனிக்க வேண்டும். பள்ளியில் n-ஆல் வகுத்துப் பழகிய பிள்ளையிடம், கூறுகளை வைத்து முழுமைத்தொகுதியை மதிப்பிடும் பாடத்தில் திடீரென்று n − 1-ஆல் வகுக்கச் சொல்கிறோம். காரணம் சொல்லாவிட்டால், இதுவரை போட்டதெல்லாம் தவறா என்ற பழைய சந்தேகம் அவளிடம் உடனே திரும்பிவிடும். அதே ஐந்து தார்களை எடுத்து, தோட்டம் முழுவதையும் அறிய இந்த ஐந்தை மட்டும் எடுத்தோம் என்றால், சராசரியும் இந்த ஐந்திலிருந்தே வந்ததால் சிதறல் சற்றுக் குறைத்துக் காட்டப்படுகிறது, அதை ஈடுகட்டவே 20-ஐ 5-க்குப் பதில் 4-ஆல் வகுக்கிறோம் என்று சொல்லலாம். பழைய விடை தவறாகவில்லை, கேள்விதான் மாறியிருக்கிறது.

ஒரு வேலையில் வந்த நம்பிக்கை அடுத்ததற்குத் தானாகத் தாவிவிடாது. ஒட்டுறவுப் பாடம் தொடங்கும்போது அவள் திரும்பவும் 30 என்றுதான் குறிப்பாள். அதே ஐந்து தார்களில் சீப்பு எத்தனை என்று கேளுங்கள். 6, 7, 8, 9, 10. சராசரி 8, விலக்கங்கள் −2, −1, 0, 1, 2. கூட்டிச் சுழி பார்ப்பது அவளுக்கு இப்போது பழக்கம். எடையின் விலக்கத்தையும் சீப்பின் விலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பெருக்கினால் 6, 1, 0, 1, 6, கூடுதல் 14. எடையின் வர்க்கக் கூடுதல் 20, சீப்பின் வர்க்கக் கூடுதல் 10, இரண்டையும் பெருக்கினால் 200, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 14.14. பதினான்கை அதால் வகுத்தால் ஒட்டுறவுக் கெழு 0.99. புதிய பாடத்தில் அவளுக்குப் புதிதாக இருந்தது அந்த ஒரு பெருக்கல் வரிசை மட்டுமே.